பத்து லட்சத்துக்குள் ஒரு எண், இருபதே கேள்விகள்: பாதியாக வெட்டும் கணக்கு

"1 முதல் 10,00,000 வரை ஒரு எண்ணை மனசுக்குள் நினைச்சுக்கோ. ஆமா, இல்லைன்னு மட்டும் பதில் சொல்லு. இருபது கேள்வியில் கண்டுபிடிக்கிறேன்."

இப்படிச் சவால் விட்டுவிட்டு முதல் கேள்வியாக "ஏழில் முடியுதா?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்று வந்தால் மிச்சம் ஒரு லட்சம்தான், கொண்டாட்டம். ஆனால் பத்தில் ஒன்பது தடவை இல்லை என்றுதான் வரும். அப்போது கையில் 9,00,000 எண்கள், கேள்விகளோ பத்தொன்பது. ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது, கேட்டவருக்குத்தான் இன்னும் தெரியாது. "பகா எண்ணா?" என்று கேட்பது இதைவிட மோசம். பத்து லட்சத்துக்குள் பகா எண்கள் 78,498தான். இல்லை என்ற பதில் வந்தால் 9,21,502 எண்கள் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

கேள்வியின் தரத்தை நல்ல பதில் வந்தால் எவ்வளவு லாபம் என்று பார்த்து எடை போடக் கூடாது. கெட்ட பதில் வந்தால் எவ்வளவு மிச்சம் என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் கெட்ட பதில் என்று ஒன்று இல்லவே இல்லை. பைனரி சர்ச் என்பது இவ்வளவுதான்.

## ஏன் இருபது, ஏன் பத்தொன்பது போதாது

ஒரு கேள்விக்கு இரண்டு பதில். இரண்டு கேள்விக்கு நான்கு விதமான பதில் வரிசைகள். இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் இரட்டித்துக்கொண்டே போனால் இருபதாவது கேள்வியில் 10,48,576 வரிசைகள் கிடைக்கும். பத்து லட்சம் எண்களுக்கும் ஆளுக்கொரு வரிசை கொடுத்த பிறகும் 48,576 மிஞ்சும். பத்தொன்பதோடு நிறுத்தினால் 5,24,288 வரிசைகள்தான். எண்கள் பத்து லட்சம் இருப்பதால் எப்படியும் சில எண்கள் ஒரே வரிசையைப் பங்கு போட்டுக்கொள்ளும், அவற்றைப் பிரித்துச் சொல்ல வழியில்லை. எவ்வளவு சாமர்த்தியமாகக் கேள்வி கேட்டாலும் இந்தக் கணக்கை ஏமாற்ற முடியாது.

எதிராளியின் பக்கம் நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். அவர் எந்த எண்ணையும் நினைக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்கக் கேட்க, எந்தப் பக்கம் அதிக எண்கள் மிச்சமோ அந்தப் பக்கத்துப் பதிலைச் சொல்லிக்கொண்டே போகிறார். முரண்பாடு எதுவும் வராது, நீங்கள் கண்டுபிடிக்கவும் முடியாது. அப்படிப்பட்ட ஆளை இருபதாவது கேள்வியில் மடக்க வேண்டுமானால், பெரிய பக்கமே ஒவ்வொரு முறையும் வந்தாலும் தாங்கும்படி கேட்க வேண்டும்.

"ஒற்றைப்படையா?" என்பதும் சரிபாதியாகத்தான் பிரிக்கிறது. அந்த வகையில் "ஐந்து லட்சத்தைவிடப் பெரியதா?" என்பதற்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஆனால் பிறகு மிச்சமிருப்பவை ஒரு தொடர்ச்சியான துண்டாக இருக்காது. ஒற்றைப்படை, மூன்றால் வகுபடாதது, இத்தனைக்கு மேல் என்று நிபந்தனைகள் சேரச் சேர எத்தனை மிச்சம் என்று எண்ணுவதே தலைவலியாகிவிடும். "விடப் பெரியதா?" என்று மட்டும் கேட்டால் இரண்டே எண்களை நினைவில் வைத்தால் போதும்.

## தாளில் எழுத வேண்டிய இரண்டு எண்கள்

கீழ் எல்லை, மேல் எல்லை. இவற்றுக்கு ஒரு பொருளை முதலிலேயே முடிவு செய்துகொண்டு கடைசிவரை மாற்றாமல் இருக்க வேண்டும். நான் வைத்துக்கொள்வது இது: எதிராளி நினைத்திருக்கும் மறை எண் கீழ் எல்லையை*விடப் பெரியது*, மேல் எல்லையை*விடப் பெரியதல்ல*. அதாவது கீழ் எல்லை கணக்கில் சேராது, மேல் எல்லை சேரும். தொடக்கத்தில் கீழே 0, மேலே 10,00,000.

இதில் ஒரு வசதி உண்டு. மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைக் கழித்தால் மிச்சமுள்ள எண்களின் எண்ணிக்கை நேராக வந்துவிடும், ஒன்று கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை. கேள்வி எப்போதும் "இந்த எண்ணைவிடப் பெரியதா?" என்றே இருக்கட்டும். ஆமாம் என்றால் கேட்ட எண் அப்படியே கீழ் எல்லை ஆகிறது. இல்லை என்றால் அதே எண் மேல் எல்லை ஆகிறது. வித்தியாசம் 1 ஆனதும் மேல் எல்லைதான் விடை.

"ஐந்து லட்சத்துக்கு மேலா?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் சிலர் ஐந்து லட்சத்தையும் சேர்த்துக்கொண்டு ஆமாம் என்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். முதல் கேள்வியில் இதனால் பாதிப்பு வருவது அபூர்வம். ஆனால் கடைசி நாலைந்து கேள்விகளில் கேட்கும் எண்ணே விடையாக இருக்கும் வாய்ப்பு அதிகம், அங்கேதான் ஒன்று தள்ளிப்போய் நிற்போம். "விடப் பெரியதா" என்ற சொல்லில் அந்தக் குழப்பம் கிடையாது.

இதே விதியை நிரலாக எழுதினால்:

```python
lo, hi = 0, 1_000_000
while hi - lo > 1:
    mid = (lo + hi) // 2
    if bigger_than(mid):
        lo = mid
    else:
        hi = mid
print(hi)
```

நிரல் எழுதுபவர்கள் இடறி விழும் இடமும் இதே எல்லைதான். இரண்டு எல்லைகளையும் உள்ளே சேர்த்து வைத்துக்கொண்டு, நடு எண்ணைக் கீழ்நோக்கி முழுமையாக்கி, ஆமாம் என்றால் `lo = mid` என்று எழுதியவருக்கு 5, 6 என்ற இரண்டு எண்கள் மிஞ்சும்போது நடு எண் 5 என்றே வரும். கீழ் எல்லை மறுபடி 5. அடுத்த சுற்றிலும் அதுவே, நிரல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். மேலே உள்ள நிரலில் அது நடக்காது. வித்தியாசம் ஒன்றுக்கு மேல் இருக்கும்வரை நடு எண் இரண்டு எல்லைகளுக்கும் கண்டிப்பாக நடுவில்தான் விழும்.

## சரிபாதி வேண்டாம், வரம்புக்குள் இருந்தால் போதும்

கணினிக்குச் சரிபாதி எளிது. மனக்கணக்காக விளையாடுகிறவருக்கு 6,25,000க்கும் 7,50,000க்கும் நடுவில் 6,87,500 என்பதுவரை சரி. அதன்பின் 6,56,250, 6,40,625, 6,32,812 என்று போகும்போது நாக்கு குழறும், எதிராளியும் தப்பாகக் கேட்டுக்கொள்வார். இங்கேதான் மிஞ்சிய அந்த 48,576 கைகொடுக்கிறது.

ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அதிகபட்சம் எத்தனை எண்கள் மிஞ்சலாம் என்று ஒரு வரம்பு உண்டு. முதல் கேள்விக்குப் பின் 5,24,288. அதன்பின் வரிசையாக 2,62,144, 1,31,072, 65,536, 32,768, 16,384, 8,192, 4,096, 2,048, 1,024, 512, 256, 128, 64, 32, 16, 8, 4, 2, 1. இதைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அந்த வரம்பைத் தாண்டாமல் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், வாயில் நுழையும் எண்ணாகப் பார்த்து வெட்டலாம்.

வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும்? முதல் கேள்வியாக "ஆறு லட்சத்தைவிடப் பெரியதா?" என்று கேட்டு, இல்லை என்று வந்தால் மிச்சம் 6,00,000. மீதி பத்தொன்பது கேள்விகளால் 5,24,288 எண்களைத்தான் பிரிக்க முடியும். உடனே ஒன்றும் தெரியாது. கடைசியில், இருபது கேள்விகளும் தீர்ந்த பிறகு, கையில் இரண்டு எண்கள் நின்றுகொண்டிருக்கக்கூடும்.

## ஓர் ஆட்டம் முழுவதும்

மறை எண் 6,37,418 என்று வைத்துக்கொள்வோம். கேட்பவருக்கு அது தெரியாது.

முதல் மூன்றும் சுலபம். 5,00,000ஐவிடப் பெரியதா? ஆமாம். 7,50,000ஐவிட? இல்லை. 6,25,000ஐவிட? ஆமாம். இப்போது கீழே 6,25,000, மேலே 7,50,000, மிச்சம் 1,25,000. வரம்பு 1,31,072, எனவே இன்னும் வசதியாகத்தான் இருக்கிறோம்.

நான்காவது. சரிபாதி 6,87,500. அதற்குப் பதில் 6,90,000 என்று கேட்கலாமா? கீழ்ப்பக்கம் 65,000, மேல்பக்கம் 60,000, வரம்பு 65,536. தாராளமாகக் கேட்கலாம். இல்லை என்று வருகிறது. மிச்சம் 65,000.

ஐந்தாவதில் 6,57,000 என்று கேட்க ஆசை வரும். கீழ்ப்பக்கம் 32,000, அது சரி. மேல்பக்கம் 33,000, வரம்போ 32,768. கூடாது. நம் எண் கீழ்ப்பக்கத்தில்தான் இருக்கிறது, எனவே கேட்டிருந்தாலும் இந்த ஆட்டத்தில் தப்பித்திருப்போம். ஆனால் அது அதிர்ஷ்டம், கணக்கு அல்ல. 6,57,500 என்று கேட்கிறோம். இல்லை. மிச்சம் 32,500.

ஆறாவதிலும் அதே கதைதான். 6,41,000 அழகான எண், ஆனால் மேல்பக்கம் 16,500 ஆகிவிடும், வரம்பு 16,384. ஆகவே 6,41,250. இல்லை. மிச்சம் 16,250. ஏழாவது 6,33,100, ஆமாம், மிச்சம் 8,150. எட்டாவது 6,37,175, ஆமாம், மிச்சம் 4,075.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். முதல் கேள்வியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 24,288 எண்கள் அளவுக்கு இடம் இருந்தது. இப்போது வரம்பு 4,096, மிச்சம் 4,075. இருபத்தொன்றுதான் இடம். சரிபாதியாக வெட்டும்போது இந்தச் சலுகை அதே விகிதத்தில் அப்படியே இருக்கும், அழகான எண்ணுக்காகக் கோணலாக வெட்டும்போது கரையும். நான்காவது கேள்வியில்தான் நாம் பெரும்பகுதியைச் செலவழித்தோம். பரவாயில்லை, சலுகை செலவழிக்கத்தானே இருக்கிறது.

மீதி ஆட்டம் வேகமாக ஓடும்:

```
 9.  6,39,210?  இல்லை   மிச்சம் 2035
10.  6,38,190?  இல்லை   மிச்சம் 1015
11.  6,37,680?  இல்லை   மிச்சம் 505
12.  6,37,430?  இல்லை   மிச்சம் 255
13.  6,37,303?  ஆமாம்   மிச்சம் 127
14.  6,37,367?  ஆமாம்   மிச்சம் 63
15.  6,37,399?  ஆமாம்   மிச்சம் 31
16.  6,37,415?  ஆமாம்   மிச்சம் 15
17.  6,37,423?  இல்லை   மிச்சம் 8
18.  6,37,419?  இல்லை   மிச்சம் 4
19.  6,37,417?  ஆமாம்   மிச்சம் 2
20.  6,37,418?  இல்லை   மிச்சம் 1
```

மேல் எல்லை 6,37,418. பன்னிரண்டாவது கேள்விக்குப் பிறகு மிச்சம் 255, வரம்பு 256. அதற்குமேல் கோணலாக வெட்ட இடமில்லை, பாதிக்குப் பாதிதான். ஆனால் அப்போது எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நிலைத்துவிட்டிருக்கும், மாறுவது கடைசிப் பகுதி மட்டும் என்பதால் மனக்கணக்குக்குச் சிரமமில்லை.

எப்போதும் சரிபாதியாகவே வெட்டுகிறவருக்கு 48,576 எண்கள் மட்டும் பத்தொன்பதாவது கேள்வியிலேயே அகப்படும், மற்ற 9,51,424 எண்களுக்கும் இருபது தேவை. நல்ல நாளில் பத்து கேள்வியில் முடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு இந்த முறையில் இடமில்லை.

எதிராளி "சரி, அதிகம், குறைவு" என்று மூன்று விதமாகப் பதில் சொல்லும் ஆட்டம் வேறு. அதில் ஒவ்வொரு ஊகமும் விடையாகவே இருந்துவிடலாம். இருபது ஊகங்களில் 10,48,575 எண்கள்வரை கண்டுபிடிக்கலாம், பத்து லட்சத்துக்குச் சராசரி 18.95 ஊகங்கள். மூன்று பதில் கிடைத்தும் லாபம் சராசரியில் ஒரே ஒரு கேள்விதான். "சரி" என்ற பதில் கடைசிவரை அநேகமாக வராது என்பதே காரணம்.

## பதிலே தப்பாக வந்தால்

இவ்வளவும் எதிராளி பிழையில்லாமல் பதில் சொன்னால்தான். ஆறு இலக்க எண்களைக் காதால் கேட்டு ஒப்பிடும்போது ஒரு தடவை தவறுவது சகஜம். பைனரி சர்ச்சில் ஒரே ஒரு தப்பான பதில் போதும், அதன்பின் எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் தவறான இடத்தில்தான் போய் நிற்போம். ஆனால் அந்தத் தவறு ஒரு தடயத்தை விட்டுச் செல்லும்.

மேலே உள்ள ஆட்டத்தில் ஆறாவது கேள்விக்கு எதிராளி தவறுதலாக ஆமாம் என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நாம் 6,41,250க்கும் 6,57,500க்கும் நடுவே தேட ஆரம்பிக்கிறோம். மறை எண் இந்தத் துண்டில் இல்லவே இல்லை, துண்டுக்குக் கீழே வெளியில் நிற்கிறது. எனவே இனி எந்த எண்ணைக் கேட்டாலும் பதில் இல்லைதான். இல்லை, இல்லை, இல்லை என்று பதினான்கு தடவை. கடைசியில் விடை 6,41,251 என்று வரும், தப்பான பதில் வாங்கிய எல்லையை ஒட்டிக்கொண்டு.

நேர்மையான ஆட்டத்தில் இப்படிப் பதினான்கு இல்லை தொடர்ந்து வர, எண் சரியாக அந்த விளிம்பில் இருக்க வேண்டும். அது 16,250இல் ஒரு வாய்ப்பு. ஆகவே ஒரே பதில் ஐந்தாறு தடவை தொடர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். எந்த எல்லையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறோமோ அந்த எல்லையை மறுபடி கேளுங்கள். இல்லை என்று தொடர்ந்து வந்தால் கீழ் எல்லையை, ஆமாம் என்று தொடர்ந்து வந்தால் மேல் எல்லையை. எல்லை 0 ஆகவோ 10,00,000 ஆகவோ இருந்தால் கேட்க வேண்டியதில்லை, அது பதிலிலிருந்து வந்ததல்ல.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, எந்தப் பதில் தப்பு என்று தேடவே வேண்டியதில்லை என்பதுதான். ஒரு தவறு மட்டுமே நடந்தது, அது ஒரு பொய்யான ஆமாம் என்றால், அதற்குப் பிறகு வந்த உண்மையான பதில்கள் எல்லாம் இல்லைதான். ஆகவே தாளில் கடைசியாக உள்ள ஆமாம்தான் குற்றவாளி. அதேபோல, தவறு ஒரு பொய்யான இல்லை என்றால், கடைசியாக உள்ள இல்லை. கீழ் எல்லையும் மேல் எல்லையும் அந்தக் கடைசி ஆமாமும் கடைசி இல்லையும் கொடுத்தவைதாம். முடிவில் இரண்டையும் ஒருமுறை திரும்பக் கேட்டாலே போதும், விடை நம்பத்தக்கதா என்று தெரிந்துவிடும். பதில் முன்பு சொன்னதற்கு மாறாக வந்தால் மூன்றாம் தடவையும் கேளுங்கள், மறுபடி கேட்டதுகூடத் தவறாகக் காதில் விழுந்திருக்கலாம்.

நம் உதாரணத்தில் ஏழு முதல் பன்னிரண்டு வரை ஆறு இல்லை வந்ததும் 6,41,250ஐ மறுபடி கேட்டு, உறுதி செய்ய மூன்றாம் முறையும் கேட்டு, அங்கிருந்து பதினான்கு கேள்விகளைத் தொடர்ந்தால் மொத்தம் இருபத்தெட்டு. ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு தடவை கேட்டு நாற்பதுக்குப் போவதைவிட எவ்வளவோ மேல்.

இதைவிடக் குறைக்க முடியுமா? பத்து லட்சம் எண்கள், ஒரு பொய்க்கு அனுமதி, எத்தனை கேள்விகள் தேவை என்ற இதே கேள்வியைக் கணித மேதை ஸ்டானிஸ்லாவ் உலாம் 1976இல் எழுப்பினார். 1987இல் ஆண்ட்ஷே பெல்ட்ஸ் விடை கொடுத்தார்: 25. ஏன் அதற்குக் குறையாது என்பதை நாமே பார்த்துவிடலாம். 25 கேள்விகளில் ஒரு எண்ணுக்கான பதில் வரிசை 26 விதமாக வரலாம், பொய்யே இல்லாத ஒன்றும், பொய் ஒவ்வொரு இடத்தில் விழும் 25உம். பத்து லட்சம் எண்களுக்கு 2,60,00,000 வரிசைகள் வேண்டும், 25 கேள்விகள் தருவது 3,35,54,432. போதும். 24 கேள்விகள் என்றால் தேவை 2,50,00,000, கிடைப்பதோ 1,67,77,216.

25 கேள்விகளில் முடிப்பதற்கு, 1950இல் ரிச்சர்ட் ஹாமிங் வெளியிட்ட பிழை திருத்தும் குறியீடு அப்படியே பொருந்துகிறது. மறை எண்ணை 0, 1 மட்டும் கொண்ட இரும எண்ணாக எழுதினால் இருபது இலக்கங்கள். 1 முதல் 25 வரை இடங்கள் போட்டு, 1, 2, 4, 8, 16 ஆகிய ஐந்து இடங்களைச் சோதனைக்கு ஒதுக்கி, மீதி இருபதில் அந்த இலக்கங்களை வையுங்கள். இருபது இடங்களுக்கும் "இந்த இலக்கம் 1ஆ?" என்று கேட்கிறோம். பிறகு ஒவ்வொரு சோதனை இடத்துக்கும் ஒரு கேள்வி. உதாரணமாக 4ஆம் இடத்துக்கு, எந்தெந்த இடங்களின் வரிசை எண்ணைப் பிரித்தால் 4 உள்ளே வருமோ (5 = 4 + 1, 6 = 4 + 2, 7 = 4 + 2 + 1 என்று) அந்த இடங்களில் உள்ள 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படையா என்று கேட்கிறோம். எல்லாம் முடிந்ததும் நாமே கூட்டிப் பார்த்து, பொருந்தாத சோதனை இடங்களைக் கூட்டினால் தப்பான பதிலின் இட எண்ணே வந்துவிடும். 4உம் 1உம் பொருந்தவில்லை என்றால் ஐந்தாம் இடத்துப் பதில் தப்பு, 4 மட்டும் பொருந்தவில்லை என்றால் அந்தச் சோதனைக் கேள்விக்கான பதிலே தப்பு.

முந்தைய பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியை முடிவு செய்யவும் தேவையில்லை, இருபத்தைந்தையும் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடலாம். எதிராளிதான் தன் எண்ணை இரும எண்ணாக மாற்றிக்கொண்டு உட்கார வேண்டும். பொழுதுபோக்காக விளையாடும்போது அதற்கு யாரும் சம்மதிப்பதில்லை, அதனால் நான் "விடப் பெரியதா"வோடும் தாளோடும்தான் விளையாடுகிறேன். ஆறு இல்லை தொடர்ந்து வந்தால் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பழைய எல்லையை இன்னொரு தடவை மெதுவாகக் கேட்கிறேன்.